பைபோலார் சிகிச்சை முடிந்து தம்பி டீ ஃபேக்டரிக்குத் திரும்புகிறான்: முதலாளிக்கு என்ன கடிதம் கொடுக்கலாம்?

கட்டபெட்டு அக்கா

வணக்கம். என் தம்பி கோத்தகிரிப் பக்கம் ஒரு தனியார் சி.டி.சி. ஃபேக்டரியில் உதவி டீ மேக்கர். ஏப்ரல், மே ரஷ்ஷில் ஆள் பற்றாமல் தொடர்ந்து நைட் டூட்டி பார்த்தான். பிறகு தூக்கமே போய்விட்டது. ராத்திரி ரெண்டு மணிக்கு விவசாயிகளுக்கு போன் போட்டு, "நாளையிலிருந்து இலைக்குக் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் கூட்டித் தர்றோம்" என்று சொல்லிவிட்டான். ஃபேக்டரியில் எல்லார் முன்னாலும் முதலாளியோடு வாக்குவாதம். கோயம்புத்தூரில் சேர்த்தோம். பைபோலார் என்றார்கள். வேகம் அடங்கியதும் மழைக்காலம் முழுக்க நேர்மாறாகப் படுத்தே கிடந்தான்.

இப்போது நன்றாக இருக்கிறான். ராத்திரி லித்தியமும், தூக்கம் வரும் இன்னொரு மாத்திரையும் சாப்பிடுகிறான். டாக்டர் கொடுத்த சான்றிதழில் "பணிக்குத் தகுதியானவர், இரவுப் பணி தவிர்க்கவும்" என்று ஒரே வரிதான் இருக்கிறது. முதலாளி நல்ல மனுஷன். "என்ன வேணும்னு எழுத்தில் கொடுங்க, பார்க்கலாம்" என்றார்.

நான் எழுதி வைத்திருப்பது இதுதான்: நடந்ததற்கு மன்னிப்பு, நோயின் முழு விவரம், இனி எப்போதும் நைட் டூட்டி வேண்டாம், டென்ஷன் தரக்கூடாது, யாரும் சத்தம் போடக்கூடாது, தேவைப்படும்போது லீவு தரவேண்டும். வேறு என்ன சேர்க்கலாம்?

லேபர் பெரியசாமி

அம்மா, ஈ.எஸ்.ஐ. இருக்கிறதா பாருங்கள். நீண்டகால நோய்ப் பட்டியலில் இந்த நோய் இருக்கிறது. சாதாரண நோய்க்கால உதவித்தொகை தீர்ந்த பிறகும் சம்பளத்தில் 80 சதவீதம் வரை தருவார்கள். எதற்கு அவசரமாக வேலைக்கு அனுப்பவேண்டும்?

கட்டபெட்டு அக்கா

ஐயா, அவன் சம்பளம் ஈ.எஸ்.ஐ. வரம்பான 21,000-ஐத் தாண்டுகிறது, அதனால் அது கிடையாது. வேலைக்குப் போகவேண்டும் என்று கேட்பதும் அவன்தான். நான் கேட்டது லீவு பற்றி அல்ல, திரும்பிப் போகும்போது கொடுக்கும் கடிதம் பற்றி.

மேட்டுப்பாளையம் மணிமேகலை

அக்கா, மனநல சமூகப் பணியாளராக இருபது வருடமாக இந்த மாதிரிக் கடிதங்களோடுதான் இருக்கிறேன். உங்கள் வரைவில் ஒன்று மட்டும்தான் முதலாளி செய்யக்கூடியது, நைட் டூட்டி. "டென்ஷன் தரக்கூடாது" என்பதை அவர் எப்படி நிறைவேற்றுவார்? நிறைவேற்றினாரா என்று நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்? ஷிஃப்ட் சார்ட்டில் எழுத முடிகிறதை மட்டும் கேளுங்கள். எழுத முடியாததைக் கேட்டால், எழுத முடிந்ததும் அதோடு சேர்ந்து தள்ளுபடியாகிவிடும்.

இதில் மையம் தூக்கம். பைபோலார் உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவது வரப்போகும் வேகத்தின் அறிகுறி மட்டும் அல்ல, சில நேரம் அதுவே வேகத்தைக் கிளப்பிவிடும். உங்கள் தம்பிக்கு எது முதலில் வந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

டாக்டரின் ஒரு வரி போதாது. "இரவுப் பணி தவிர்க்கவும்" என்றால் டீ ஃபேக்டரியில் என்ன அர்த்தம்? விடிகாலை 4 மணி ஷிஃப்ட் இரவா, பகலா? அதற்கு அவர் மூன்று மணிக்கு எழவேண்டும். தூக்க மாத்திரையின் அசதி அப்போது தெளிந்திருக்காது. அந்த நிலையில் பனியில் பைக் ஓட்டி வந்து ரோலர் பக்கத்தில் நிற்பது ஆபத்து. அதனால் "இரவு" என்ற சொல்லை விட்டுவிட்டு மணிக்கணக்கில் எழுதச் சொல்லுங்கள்: காலை 9-க்கு முன் தொடங்காது, மாலை 6-க்கு மேல் போகாது, வாரா வாரம் மாறாது. சுற்று ஷிஃப்ட்டில் பகல் வாரமும் உடம்புக்குக் குழப்பம்தான்.

இன்னொன்று கேட்கிறேன், தப்பாக எடுக்காதீர்கள். தம்பி இந்த வரைவைப் படித்தாரா?

பழைய டீ மேக்கர்

நான் குன்னூர்ப் பக்கம் ஃபேக்டரிகளில் மேக்கராகவும் மேனேஜராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். முதலாளி பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இலை சாயங்காலம்தான் வந்து சேரும். டிரஃப்பில் பரப்பினால் வாட பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் ராத்திரி, விடிகாலைதான் ஃபேக்டரியின் உயிர். வாட்டம் பார்த்து ஓட்ட ஆரம்பிப்பது மேக்கர் வேலை. உதவி மேக்கர் ஒருத்தர் "நைட் வரமாட்டேன்" என்றால் அந்த ராத்திரி இன்னொருத்தர் தலையில் விழும். அவர் ரெண்டு மாசம் சும்மா இருப்பார், மூன்றாவது மாசம் முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பை நோயாளியால் தாங்க முடியாது, முதலாளியாலும் முடியாது.

ஆகவே கேட்கிற கடிதத்தில் கொடுக்கிறதும் இருக்கவேண்டும். பகலில் யாருக்கும் பிடிக்காத வேலை எது? ஞாயிற்றுக்கிழமை இலை எடை போடும் கவுன்டர். "அதை நான் பார்க்கிறேன்" என்று எழுதினால் மற்ற மேக்கர்கள் வாய் மூடும்.

சட்டம் பேசாதீர்கள். 40 சதவீத ஊனச் சான்றிதழ் இல்லாமல் சட்டம் உங்களுக்கு உதவாது.

ஊட்டி வக்கீல்

பழைய டீ மேக்கர் ஐயா சொன்ன கடைசி வரி பாதிதான் சரி. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் மனநோய் இருக்கிறது. 40 சதவீதம் இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்குத்தான் வேண்டும். நியாயமான வசதி கேட்க அது கட்டாயம் இல்லை என்று 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கு தேர்வுக்கு எழுத்தர் கேட்டது பற்றி. ஆனால் சொன்ன கொள்கை பொது.

இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும். வேலையிடத்தில் வசதி செய்து தரவேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு நேரடியாகக் கட்டளையிடுவது அரசு நிறுவனங்களுக்குத்தான். தனியார் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கை அறிவிக்கவேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் அந்தக் கொள்கையில் என்னென்ன இருக்கவேண்டும் என்று விதிகள் சொல்கின்றன. மாநில ஆணையரிடம் மனு கொடுக்கலாம். ஆனால் முதலாளி நல்ல மனுஷன் என்கிறீர்கள், முதல் கடிதத்திலேயே பிரிவு எண் போட்டால் அவரும் ஒரு வக்கீலைத் தேடுவார். ஒரே ஒரு வரி, அதுவும் கடைசியில் போதும்.

மன்னிப்பைக் கட்டாயம் எடுங்கள். விலை உயர்த்துவதாகச் சொன்னது நோயின் வேகத்தில் நடந்தது. அதை எழுத்தில் "என் தவறு" என்று கொடுத்துவிட்டால், நாளைக்கு ஒழுங்கு நடவடிக்கை என்று வந்தால் அந்தக் காகிதம்தான் முதல் ஆவணம். நேரில் வருத்தம் சொல்லட்டும், அது மனுஷத்தனம்.

கொடை வனஜா

நான் கொடைக்கானலில் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் மேட்ரன். எனக்கு இருந்தது டிப்ரஷன். திரும்பிப் போகும்போது பிரின்சிபாலிடம் நோயின் பெயர், மாத்திரையின் பெயர் எல்லாம் எழுதிக் கொடுத்தேன். ஒளிக்கக்கூடாது என்று நினைத்தேன். அன்றிலிருந்து மெஸ் சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று நான் சொன்னாலும், "மேடம், இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?" என்பார்கள். சாம்பார் தண்ணியாகத்தான் இருந்தது! கோபப்பட எனக்கு உரிமையே இல்லாமல் போயிற்று. அக்கா, பெயரை எழுதாதீர்கள்.

கட்டபெட்டு அக்கா

ஆனால் அங்கே எல்லாருக்கும் தெரியுமே. அவன் ஆடியதை ஃபேக்டரியே பார்த்தது. மறைத்தால் பைத்தியம் என்பார்கள். பெயரைச் சொன்னால் வியாதி என்றாவது புரியாதா?

மேட்டுப்பாளையம் மணிமேகலை

ரெண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெயரைச் சொன்னதால் நல்லது நடந்த இடமும் பார்த்திருக்கிறேன், வனஜா சொன்ன மாதிரியும் பார்த்திருக்கிறேன். அது தம்பி எடுக்கவேண்டிய முடிவு.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். வசதி செய்து தர முதலாளிக்குத் தெரியவேண்டியது, உடம்பு எதைத் தாங்காது, எவ்வளவு காலம் என்பது. நோயின் வரலாறு தேவையில்லை. மருந்துப் பெயரும் தேவையில்லை, ஒரு விதிவிலக்கு தவிர. லித்தியம் சாப்பிடுகிறவர் டிரையர் பக்கத்தில் மணிக்கணக்கில் வேர்த்து நின்று தண்ணீர் குடிக்காமல் இருந்தால், மருந்து ரத்தத்தில் தேங்கி அளவு ஏறிவிடும். வயிற்றுப்போக்கிலும் அப்படித்தான். கை நடுக்கம் கூடுவது, வாந்தி, நடை தள்ளாடுவது, பேச்சு குழறுவது என்று வந்தால் அன்றே டாக்டரிடம் போகவேண்டும். அதைவிட யாரும் கவனிக்காதது ஃபேக்டரி முதலுதவிப் பெட்டி. முதுகு வலி என்றதும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எடுத்து நீட்டுவார்கள். அவை லித்தியம் அளவை ஏற்றும். முதலுதவி பார்ப்பவரிடம் "இவருக்கு வலி மாத்திரை கொடுக்கவேண்டாம், டாக்டரைக் கேளுங்கள்" என்று மட்டும் சொன்னால் போதும், காரணம் வேண்டாம்.

ரத்தப் பரிசோதனையும் கடிதத்தில் வரட்டும். கடைசி மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்கவேண்டும். ராத்திரி 9-க்குப் போட்டால் காலை 9-க்கு லேபில் இருக்கவேண்டும். அன்றைக்கு வேலைக்கு வர 10.30 ஆகும். முன்னாலேயே சொல்லிவிட்டால் அது "லேட்" ஆகாது.

கோத்தகிரி தம்பி

நான்தான் அந்தத் தம்பி. அக்கா இழையைக் காட்டினாள். எனக்காக எல்லாரும் இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், நன்றி.

மூன்று விஷயம். ஒன்று, இலை கவுன்டர் வேண்டாம். நான் போன் போட்டது அந்த விவசாயிகளுக்குத்தான். "ரெண்டு ரூபாய் எங்கே?" என்று தினமும் கேட்பார்கள். கொஞ்ச காலம் அவர்கள் முகத்தில் முழிக்க முடியாது. ஒரே தரத் தூளை ஒன்றாகக் கலக்கும் பல்கிங், பேக்கிங், ஏலத்துக்கு சாம்பிள் அனுப்புவது, இன்வாய்ஸ் எல்லாம் எனக்குத் தெரியும். அதுவும் பகல் வேலைதான், அதுவும் யாருக்கும் பிடிக்காது.

ரெண்டு, நோயின் பெயர் எழுதப்போவதில்லை. "மனநலச் சிகிச்சை" என்று எழுதுவேன்.

மூன்று, எனக்கு வேகம் ஏறினால் யாருக்குத் தகவல் சொல்வது என்று அக்கா தன் நம்பரை எழுதியிருக்கிறாள். அக்கா, கோபப்படாதே. முதலாளி உனக்கு போன் பண்ணினால் நான் எல்.கே.ஜி. பையன் ஆகிவிடுவேன். ஃபிட்டர் செல்வம் அண்ணன் என்னோடு எட்டு வருஷம் வேலை பார்க்கிறார். என் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

கட்டபெட்டு அக்கா

கோபம் இல்லடா. ஆனா செல்வம் எனக்கு போன் பண்ணுவார், அதையும் தெரிஞ்சுக்கோ.

பழைய டீ மேக்கர்

பல்கிங் என்றால் இன்னும் நல்லது தம்பி. கவுன்டர் யோசனையை வாபஸ் வாங்குகிறேன்.

ஊட்டி வக்கீல்

அந்த "வேகம் ஏறினால்" பகுதியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. தன் கையாலேயே நோயின் அறிகுறிகளை எழுதி முதலாளியிடம் கொடுப்பது, பிடிக்காத நாளில் "இன்றைக்கு நீ சரியில்லை, வீட்டுக்குப் போ" என்று சொல்ல அவருக்கு ஒரு லைசென்ஸ் தருவது. வனஜா அம்மாவின் சாம்பார் கதையே சாட்சி. வேண்டாம் என்பேன்.

மேட்டுப்பாளையம் மணிமேகலை

வக்கீல் சார், மே மாதம் அப்படி ஒரு காகிதம் இருந்திருந்தால் ரெண்டாவது ராத்திரியே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள், விவசாயிகளுக்கு போனும் போயிருக்காது. ஆபத்து இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வழி, பார்வைக்குத் தெரிகிறதை மட்டும் எழுதுவது. "கோபம்", "அதிகப் பேச்சு" என்று எழுதினால் எவர் மீதும் எந்த நாளும் பொருந்தும். வேலை நேரத்துக்கு வெளியே நள்ளிரவில் ஃபேக்டரி சம்பந்தமாக மெசேஜ் வருவது, தன் அதிகாரத்துக்கு மீறி விலையோ வாக்குறுதியோ கொடுப்பது, ரெண்டு ராத்திரி தூங்கவில்லை என்று தானே சொல்வது. இந்த மூன்றும் போதும். செய்யவேண்டியதும் ஒன்றுதான்: தனியாகக் கூப்பிட்டு, பார்த்ததை மட்டும் ஒரு வாக்கியத்தில் சொல்வது. வீட்டுக்கு அனுப்பினால் அன்று மருத்துவ விடுப்பு, ஒழுங்கு நடவடிக்கை இல்லை.

ஊட்டி வக்கீல்

கடைசி வாக்கியம் இல்லாமல் கொடுத்தால் நான் எதிர்க்கிறேன். அது இருந்தாலும் முழு மனசில்லை. தம்பியின் விருப்பம்.

கோத்தகிரி தம்பி

எழுதிவிட்டேன். பார்த்துச் சொல்லுங்கள்.

> மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,
>
> மனநலச் சிகிச்சை முடிந்து பணிக்குத் திரும்ப என் மருத்துவர் தகுதிச் சான்று அளித்துள்ளார், இணைத்துள்ளேன். நான் உடல்நலத்தோடு தொடர்ந்து வேலை செய்ய என் தூக்க நேரம் மாறாமல் இருப்பது அவசியம் என்பது மருத்துவர் கருத்து. அதற்காகக் கீழ்க்கண்ட ஏற்பாடுகளைக் கோருகிறேன்.
>
> முதல் இரண்டு வாரம் காலை 9 முதல் பகல் 1 வரையும், அடுத்த இரண்டு வாரம் மாலை 4 வரையும் வர அனுமதி வேண்டும். குறையும் நேரத்தை என் விடுப்புக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஐந்தாவது வாரம் முதல் காலை 9 முதல் மாலை 6 வரை முழுநேரம் வருகிறேன். ஆறு மாதங்களுக்கு இந்த நேரத்துக்கு வெளியே ஷிஃப்ட், ஓவர்டைம் இரண்டும் வேண்டாம்.
>
> இந்தக் காலத்தில் பல்கிங், பேக்கிங், ஏல சாம்பிள், இன்வாய்ஸ் பொறுப்பை ஞாயிறு உட்பட நான் ஏற்கிறேன். என் இரவுப் பணியைப் பார்க்கும் சக மேக்கர்களுக்கு இதனால் ஞாயிறு விடுப்பு கிடைக்கும். எனக்கு வார விடுப்பு புதன்கிழமை போதும்.
>
> டிரையர் பகுதியில் தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் தண்ணீர் குடிக்க இடைவெளி வேண்டும். மாதம் ஒருமுறை கோவையில் மருத்துவரைப் பார்க்கப் புதன்கிழமையே போய்வருவேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை நாளன்று 10.30-க்கு வருவேன், தேதியை ஒரு வாரம் முன்பே தெரிவிக்கிறேன்.
>
> நான் நள்ளிரவில் பணி தொடர்பாகச் செய்தி அனுப்பினாலோ, என் பொறுப்புக்கு மீறிய வாக்குறுதி யாருக்கும் கொடுத்தாலோ, இரண்டு இரவுகள் தூங்கவில்லை என்று நானே சொன்னாலோ, தாங்களோ ஃபிட்டர் செல்வம் அவர்களோ என்னைத் தனியே அழைத்து அதைச் சொல்லலாம். வீட்டுக்குப் போகச் சொன்னால் போகிறேன். அந்த நாளை மருத்துவ விடுப்பாகக் கருதவேண்டும், ஒழுங்கு நடவடிக்கையாகக் கூடாது.
>
> இக்கடித விவரம் தங்களுக்கும் செல்வம் அவர்களுக்கும் மட்டும் தெரிந்திருக்க வேண்டுகிறேன். மற்றவர்களிடம் "உடல்நலக் காரணத்தால் பகல் பணி" என்று சொன்னால் போதும்.
>
> ஆறு வாரம் கழித்து ஒருமுறை உட்கார்ந்து பேசி, இரு தரப்புக்கும் சரிவராததை மாற்றிக்கொள்ளலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறும் நியாயமான வசதி என்ற அடிப்படையில் இவற்றைக் கோருகிறேன்.

கொடை வனஜா

நல்லா இருக்கு தம்பி. எனக்கு இப்படி யாராவது எழுதிக் கொடுத்திருந்தால்!

ஊட்டி வக்கீல்

சரி. ரெண்டு பிரதி எடுத்து ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள். யாருக்குத் தெரியவேண்டும் என்ற பத்தி ரொம்ப அவசியம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் ரகசியம் காக்கும் கடமை மருத்துவர் முதலான சிகிச்சை தருபவர்களுக்குத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. முதலாளி வாயை அந்தச் சட்டம் கட்டாது, நாம்தான் கேட்டு வாங்கவேண்டும்.

மேட்டுப்பாளையம் மணிமேகலை

வலி மாத்திரை வரியை விட்டுவிட்டீர்களே?

கோத்தகிரி தம்பி

முதலுதவிப் பெட்டி இருப்பது செல்வம் அண்ணனிடம்தான், அவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன்.

கடிதத்தை நேற்று கொடுத்தேன். முதலாளி ரெண்டு தடவை படித்தார். நேரம், பல்கிங், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஓகே. அறிகுறிப் பத்திக்கு வாயால் சரி சொன்னார், கையெழுத்து போடமாட்டேன் என்றார். ஆறு மாதம் முடியாது, மூன்று மாதம்தான் என்றார். டிசம்பர் ஒன்றாம் தேதி சேரச் சொன்னார்.

கட்டபெட்டு அக்கா

மூன்று மாதம் கிடைத்ததே பெரிசு!

பழைய டீ மேக்கர்

பெரிசு இல்லம்மா. கணக்குப் பாருங்கள். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. உறைபனியில் செடி கருகி இலை வரத்தே இருக்காது. பல ஃபேக்டரி தினமும்கூட ஓடாது. அந்த மூன்று மாதம் நைட்டுக்கு ஆள் தேவையே குறைவு. முதலாளிக்கு இதில் ஒரு பைசா நஷ்டம் இல்லை. மார்ச்சில் மழை பெய்து ஏப்ரலில் இலை குவியும்போது உங்கள் சலுகை முடிந்திருக்கும். போன தடவை அவன் விழுந்தது எந்த மாதம்?

மேட்டுப்பாளையம் மணிமேகலை

ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை. மருத்துவமனையில் உட்கார்ந்து மாதத்தை எண்ணுகிறோம், சீசனைப் பார்ப்பதில்லை. தம்பி, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ஏப்ரல், மே மாதத்தைக் குறிப்பிட்டு, மணி நேரத்தோடு புதுச் சான்று கேளுங்கள்.

ஊட்டி வக்கீல்

"நாம் பேசியபடி" என்று தொடங்கி, அவர் ஒப்புக்கொண்டதை, அறிகுறிப் பத்தி உட்பட, இன்றே ஒரு மெயிலில் அனுப்பிவிடுங்கள். அவர் மறுத்துப் பதில் போடாவிட்டால் கையெழுத்து இல்லாத குறை பாதி தீரும். அதிலேயே மே கடைசி வரை வேண்டும் என்றும் எழுதுங்கள். இப்போது கேட்காமல் விட்டால் மூன்று மாதத்துக்கு சம்மதித்தீர்கள் என்று ஆகும்.

பழைய டீ மேக்கர்

வக்கீல் சார், இப்போது மே மாதத்தைப் பேசினால் மனுஷன் டிசம்பரையும் யோசிப்பார். முதலில் பையன் போய் மூன்று மாதம் பல்கிங்கை ஒழுங்காக ஓட்டட்டும். ஏல சாம்பிள் தப்பில்லாமல் போகிறதென்றால் அவனை அங்கிருந்து எடுக்க முதலாளிக்கே மனசு வராது. பிப்ரவரி கடைசியில் டாக்டர் சான்றோடு போய்க் கேட்கலாம்.

ஊட்டி வக்கீல்

பிப்ரவரியில் வேறு மேனேஜர் இருந்தால்?

கோத்தகிரி தம்பி

மெயில் அனுப்பிவிட்டேன். ஒப்புக்கொண்டதை எழுதினேன். மே பற்றி "மார்ச் முதல் வாரம், ரஷ்ஷுக்கு முன், மறுபடி பேசவேண்டும்" என்று மட்டும் போட்டிருக்கிறேன். வக்கீல் சாருக்கு இது போதாது, தெரியும். முதலாளி "Ok" என்று பதில் போட்டிருக்கிறார். அது எதற்கு ஓகே என்று சொல்லவில்லை.